பயிர்ப் படத்தில் இருப்பது எந்தப் பூச்சி: கொம்பு, உடல், கூட்டம்

“நெல்வயலில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, இது பாலைவன வெட்டுக்கிளிதான் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன. பாலைவன வெட்டுக்கிளி, சாதாரண வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, பச்சை இலை மாதிரி இருக்கும் அந்தப் பூச்சி, இவற்றைப் படத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியுமா? கூட்டமாக இருந்தால் உடனே மருந்து அடிக்க வேண்டுமா?”

பெரும்பாலும் பிரிக்க முடியும். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை தவறினால் முடியாது. பலரும் நிறத்தில் தொடங்குகிறார்கள். பச்சையாக இருந்தால் சாதாரண வெட்டுக்கிளி, மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் பாலைவன வெட்டுக்கிளி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தப் பூச்சிகளில் நிறம்தான் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் தலையிலுள்ள உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். அது நான்கு வகைகளையும் இரண்டு பக்கமாகப் பிரித்துவிடும். அடுத்து உடலின் அமைப்பைப் பார்த்தால் சுவர்க்கோழியும், பச்சை இலை மாதிரி இருக்கும் என்று நீங்கள் சொன்ன இலை வெட்டுக்கிளியும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். எஞ்சி நிற்பது பாலைவன வெட்டுக்கிளியா, நம் ஊர் வெட்டுக்கிளியா என்ற கேள்வி. அதற்குப் படத்திலுள்ள ஒற்றைப் பூச்சியை விட, அதைச் சுற்றியிருக்கும் மற்றவை என்ன செய்கின்றன என்பதே நல்ல விடை தரும்.

உணர்கொம்பிலிருந்து தொடங்கலாம். வெட்டுக்கிளிக்கும் பாலைவன வெட்டுக்கிளிக்கும் கொம்பு குட்டையானது. உடலின் நீளத்தில் பாதியைத் தொடாது. முப்பதுக்கும் குறைவான கணுக்களைக் கொண்டது. அடியிலிருந்து நுனி வரை ஏறக்குறைய ஒரே தடிமனாக இருக்கும். இலை வெட்டுக்கிளிக்கும் சுவர்க்கோழிக்கும் கொம்பு மயிரிழை போல மெலிந்து, பெரும்பாலும் உடலை விட நீளமாக, சிலவற்றில் உடலைப் போல இரண்டு மடங்காகக்கூட வளர்ந்திருக்கும். இறக்கை முளைக்காத குஞ்சுப் பருவத்திலும் இந்த வேறுபாடு மாறாது. வயலில் பெரும்பாலான படங்கள் குஞ்சுகளைக் காட்டுபவை என்பதால், இது மிகவும் கைகொடுக்கும் அடையாளம்.

இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கைப்பேசிப் படத்தில் நீண்ட கொம்பின் நுனிப் பாதி பெரும்பாலும் பதிவதே இல்லை. வெயில் பின்னால் இருந்தாலோ, இலை காற்றில் அசைந்தாலோ, அந்த மெல்லிய இழை பின்னணியில் கரைந்து, அடிப்பகுதி மட்டும் குட்டையாகத் தெரியும். சண்டையிலோ தோலுரிக்கும்போதோ கொம்பு ஒடிந்துபோன பூச்சிகளும் உண்டு. ஆகவே கொம்பு எவ்வளவு நீளம் என்று கேட்பதை விட, அது எப்படி மெலிகிறது என்று கேட்பது நல்லது. படத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்கு அருகில் கொம்பு தொடங்கும் இடத்தையும், அது தெரியாமல் போகும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தடித்துத் தொடங்கி அதே தடிமனில் சட்டென்று முடிந்தால் அது குட்டைக் கொம்பு. தொடக்கத்திலேயே மெல்லியதாகி, போகப் போக இன்னும் மெலிந்து மங்கி மறைந்தால் அது நீளக் கொம்பு; எஞ்சிய பகுதி படத்தில் விழவில்லை என்று கொள்ளலாம். இலையில் அசையாமல் ஒட்டியிருக்கும் இலை வெட்டுக்கிளி கொம்புகளை முன்னோக்கி நீட்டி இலையோடு இழைத்து வைத்திருக்கும். அப்போது அவற்றை இலை நரம்பு என்று நினைத்துக் கடந்துபோவதும் நடக்கிறது.

விதிக்கு ஒரு விலக்கு பிள்ளைப்பூச்சி. அது சுவர்க்கோழியின் உறவுதான் என்றாலும் கொம்பு உடலை விடக் குட்டையாக இருக்கும். ஆனால் அதை வெட்டுக்கிளி என்று யாரும் மயங்கத் தேவையில்லை. முன்னங்கால்கள் இரண்டும் மண் தோண்டுவதற்கென்று அகன்று, பற்கள் வைத்துத் தடித்திருக்கும். பின்னங்கால்களில் தாவும் தொடை இருக்காது. உடல் முழுதும் பழுப்பு நிறத்தில் பட்டுப்போன்ற மென்மயிர் மூடியிருக்கும். தண்ணீர் நிற்காத நாற்றங்காலில் நாற்று அடியோடு சாய்ந்து, வேர் அறுந்து கிடந்தால், மேலே பூச்சி எதுவும் படத்தில் விழாவிட்டாலும் இதை நினைக்க வேண்டும். தண்ணீர் கட்டினால் வெளியே வந்துவிடும்.

நீளக் கொம்புப் பக்கத்திற்கு வந்துவிட்டால், சுவர்க்கோழியையும் இலை வெட்டுக்கிளியையும் பிரிப்பது கடினமில்லை. சுவர்க்கோழியின் உடல் மேலிருந்து அழுத்தியது போலத் தட்டையாக இருக்கும். தலை உருண்டையாக இருக்கும். முன்னிறக்கைகள் முதுகின் மேல் படுத்து, விளிம்பில் மட்டும் மடங்கி இரு பக்கமும் இறங்கும். வாலின் இரு பக்கமும் இரண்டு நீண்ட மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பெண்ணாக இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே ஊசி போன்ற முட்டையிடும் உறுப்பும் தெரியும்; ஆகவே பின்னால் மூன்று கம்பிகள் தெரிந்தால் அது பெண் சுவர்க்கோழி. இலை வெட்டுக்கிளி இதற்கு நேர்மாறு. அதன் உடல் இரு பக்கமிருந்தும் அழுத்தியது போல ஒடுங்கி உயர்ந்திருக்கும். இறக்கைகள் ஓட்டுக்கூரையின் இரு சரிவுகளைப் போல முதுகின் மேல் சேர்ந்து பக்கவாட்டில் இறங்கும். சில இனங்களில் இறக்கையில் இலை நரம்புகள் வரை அப்படியே இருக்கும். பெண்ணின் முட்டையிடும் உறுப்பு ஊசியாக இல்லாமல், பக்கவாட்டில் தட்டையான வாளாகவோ, மேல்நோக்கி வளைந்த அரிவாளாகவோ இருக்கும். அதைக் கொட்டும் கொடுக்கு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது செடியின் திசுவிலோ மண்ணிலோ முட்டையைச் செருகுவதற்கானது.

இங்கே ஒரு நெல்வயல் படத்தை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் மருந்து அடிப்பதா வேண்டாமா என்ற முடிவு இந்தப் பிரிப்பில்தான் தொங்குகிறது. தூர் கட்டும் பருவத்து நெல். படத்தில் இலையின் மேல் தலைகீழாக ஒட்டியிருக்கும் ஒரு பச்சைப் பூச்சி. நீளம் ஏறத்தாழக் கட்டைவிரலின் பாதி. பக்கத்து இலையின் விளிம்பில் சில இடங்களில் கடித்த அடையாளம். பூச்சியின் முகம் சாய்வாகக் கீழிறங்குகிறது. பார்த்தவுடன் தோன்றுவது நெல் வெட்டுக்கிளி என்பதுதான். இரண்டு பூச்சிகள் இந்த விவரத்துக்குப் பொருந்தும். ஒன்று ஆக்சியா எனும் சிறு நெல் வெட்டுக்கிளி. நெல்லை உண்டு வாழ்வது. மற்றொன்று கோனோசெபாலஸ் எனும் நீளக்கொம்பு இலை வெட்டுக்கிளி; இலையையும் பூந்தாதையும் கொஞ்சம் கடித்தாலும், தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியலையும் தத்துப்பூச்சிகளின் முட்டையையும் குஞ்சுகளையும் தேடித் தின்பது. அதாவது முதலாவது பயிரின் எதிரி. இரண்டாவது பெருமளவு நமக்கு வேலை செய்யும் கூலியாள்.

படத்தில் கொம்பு தெளிவாக இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்தது. கொம்பு தெரியாமல் போனால் உடலிலுள்ள கோட்டைப் பாருங்கள். ஆக்சியாவில் கண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்புப் பட்டை தொடங்கி, கழுத்தின் பக்கவாட்டில் ஓடி, இறக்கையில் போய்ச் சேரும். பக்கத்திலிருந்து பார்த்தால் இரு புறமும் ஒவ்வொரு பட்டை. கோனோசெபாலஸில் கருமையான பட்டை தலை உச்சியில் தொடங்கி முதுகின் நடுவே ஓடும். மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். பட்டை பக்கத்திலா, உச்சியிலா என்ற இந்த ஒரு கேள்வி, கொம்பு ஒடிந்த பூச்சியையும் பெரும்பாலும் பிரித்துத் தந்துவிடும். அதோடு பின்பகுதியில் தட்டையான வாள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நாம் எடுத்துக்கொண்ட படத்தில் பட்டை தலை உச்சியில் ஓடுகிறது, பின்னால் நேரான சிறு வாளும் இருக்கிறது என்றால், கடித்த இலைக்கு இந்தப் பூச்சியைக் குற்றம் சொல்லி மருந்து தெளிப்பது தண்டுத் துளைப்பானுக்கு வழிவிடுவதாகத்தான் முடியும். கடித்தது வேறு யார் என்று பக்கத்துத் தூர்களில் தேடுவதே அடுத்த வேலை.

பெரிய நெல் வெட்டுக்கிளி ஒன்றும் உண்டு. ஹைரோகிளைஃபஸ் பானியன் என்பது அதன் அறிவியல் பெயர். பச்சை அல்லது மஞ்சள் கலந்த பச்சை உடல். கழுத்தை மூடிய தகட்டின் மேல் குறுக்காக மூன்று கருங்கோடுகள் இருக்கும். குறுக்குக் கோடு தெளிவாகத் தெரிந்தால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. இது வரப்பு மண்ணில் முட்டையிடும் பழக்கமுடையது. ஆகவே ஒவ்வோராண்டும் இது பெருகும் வயலில், கோடையில் வரப்பைச் செதுக்கி முட்டைப் பைகளை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவது, பயிர் வளர்ந்த பின் தெளிப்பதை விட மலிவான வழி. நெல்வயலில் தாவித் திரியும் சிறு கருஞ்சுவர்க்கோழிகள் சிலவும், கோனோசெபாலஸைப் போலவே, முட்டை தின்னும் நண்பர்கள். கறுப்பாக, சிறியதாக, மயிரிழைக் கொம்போடு இலையில் தத்தித் திரியும் பூச்சியைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். ஆனால் மண்ணில் வளை தோண்டி, வாயிலில் மண்ணைக் குவித்து, இரவில் இளஞ்செடியை அடியில் வெட்டி இழுக்கும் பெரிய பழுப்புச் சுவர்க்கோழி வேறு. அது பயிருக்குக் கெடுதல்.

இனிப் பாலைவன வெட்டுக்கிளி. இது தனியாக ஒரு விலங்கினக் குழு அல்ல. குட்டைக் கொம்பு வெட்டுக்கிளிகளில் ஒன்றுதான். அதைத் தனித்துக் காட்டுவது உடல் உறுப்பு அல்ல, நெருக்கடியில் மாறும் பழக்கம். ஆகவேதான் கொம்பையும் முகத்தையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் “இது கூட்டம் சேரும் வகையா” என்பதற்கு முழு விடை கிடைப்பதில்லை. மழை குறைந்த காலத்தில் இந்தப் பூச்சி பாலைவனத்தில் தனித்தனியாக, மற்ற எந்த வெட்டுக்கிளியையும் போல, இரவில் பறந்து, ஒதுங்கி வாழும். மழை பெய்து புல் முளைத்து எண்ணிக்கை பெருகி, பிறகு பசுமை சுருங்கிப் பூச்சிகள் நெருங்கும்போது, ஒன்றின் கால் மற்றொன்றில் உரசுகிறது. பின்னங்காலில் படும் இந்த உரசல் நரம்பு மண்டலத்தில் செரோட்டோனின் எனும் வேதிப்பொருளின் அளவை உயர்த்தி, சில மணி நேரத்துக்குள் ஒதுங்கும் பூச்சியைக் கூடும் பூச்சியாக மாற்றுகிறது என்பது 2009-இல் வெளியான ஆய்வு. இப்படி இரு வேடம் போடுவது ஒரே இனம்தான் என்ற கருத்தைப் பூச்சியியலாளர் போரிஸ் உவரோவ், கூட்டம் சேரும் வேறொரு வெட்டுக்கிளியை வைத்து, 1921-இலேயே முன்வைத்துவிட்டார். அதற்கு முன் இரண்டையும் வெவ்வேறு இனங்கள் என்றே கருதியிருந்தார்கள்.

படம் பார்ப்பவருக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்று இருக்கிறது. பழக்கம் சில மணி நேரத்தில் மாறினாலும், நிறம் அவ்வளவு விரைவில் மாறாது; தோலுரித்து வளரும்போதுதான் முழுமையாக மாறும். எனவே ஒரு பூச்சியின் நிறம் அது எப்படிப்பட்ட நெருக்கத்தில் வளர்ந்தது என்பதைக் காட்டுகிறது. தனித்து வளர்ந்த குஞ்சு பச்சையாக இருக்கும். கூட்டத்தில் வளர்ந்த குஞ்சு மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். கூட்டத்தில் வளர்ந்து புதிதாக இறக்கை பெற்ற பூச்சி இளஞ்சிவப்பாக இருந்து, முட்டையிடும் பக்குவம் வந்ததும் பளிச்சென்ற மஞ்சளாகிவிடும். பயிரை மொய்த்துப் பெரிதும் தின்பது அந்த இளஞ்சிவப்புப் பருவத்தில்தான். மஞ்சள் கூட்டம் இறங்கியிருந்தால் அடுத்து மணற்பாங்கான நிலத்தில் முட்டை இடப்படும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

உருவத்தில் என்ன பார்க்கலாம்? வளர்ந்த பூச்சி ஐந்து முதல் ஏழு செ.மீ. வரை நீளமிருக்கும், நம் நெல் வெட்டுக்கிளிகளை விடத் தெளிவாகப் பெரியது. கண்ணில் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடும். முன்னிறக்கையில் கருந்திட்டுகள் சிதறியிருக்கும். பின்னிறக்கையை விரித்தால் நிறமற்றதாக, மிஞ்சினால் இலேசான மஞ்சளாக இருக்கும். பளிச்சென்ற சிவப்போ கரும்பட்டையோ இருந்தால் அது வேறு பூச்சி. கவிழ்த்துப் பார்த்தால் முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே, கழுத்தின் அடியில், நேராக நிற்கும் ஒரு மழுங்கிய சிறு முளை தெரியும். இந்த முளை பல பெரிய வெட்டுக்கிளிகளுக்கும் உண்டு. அது வளைந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது. படத்தில் இது அநேகமாக விழாது என்பதால், அடிப்பக்கப் படம் ஒன்றைத் தனியே எடுக்கச் சொல்வது வழக்கம்.

நம் பக்கத்தில் இதோடு அதிகம் குழம்பும் பூச்சி சிர்டகாந்தாக்ரிஸ் டட்டாரிக்கா. அதுவும் பெரியது, பழுப்புத் திட்டுகள் கொண்டது, கண்ணிலும் கோடு தெரியும். நிலக்கடலை, பருத்தி, பயறு வயல்களில் ஒன்றிரண்டாகக் காணலாம். தலையிலிருந்து முதுகின் நடுவே வெளிறிய பட்டை ஒன்று நீளவாக்கில் ஓடும். அதன் இரு பக்கமும் ஆழ்ந்த பழுப்பு. பாலைவன வெட்டுக்கிளியின் கூட்டப் பருவத்தில் இந்த வெளிர்ப்பட்டை இருக்காது. ஆனால் தனித்து வாழும் பருவத்துப் பாலைவன வெட்டுக்கிளி சாம்பல், பழுப்பு நிறங்களில் இருப்பதோடு வெளிறிய கோடும் கொண்டிருக்கலாம் என்பதால், மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தைக் கொண்டு இவை இரண்டையும் உறுதியாகப் பிரிக்க நான் முயல்வதில்லை. அடிப்பக்க முளையும் விரித்த பின்னிறக்கையும் தேவை. அவை கிடைக்காத இடத்தில், தனித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய பழுப்பு வெட்டுக்கிளியால் பயிருக்கு ஆபத்து எதுவுமில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கூட்டம் என்பதை எப்படிப் படிப்பது என்பதில்தான் ஊர்ப் பயம் பெரும்பாலும் தங்கியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பாகிஸ்தான் எல்லையைத் தாண்டிய பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் ராஜஸ்தானில் நுழைந்து, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரத்தின் விதர்பா வரை போயின. அதே மே மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளை மொய்த்துக்கொண்டிருந்த பூச்சிகளைக் கண்டு, வடக்கே வந்தது இங்கும் வந்துவிட்டது என்று மக்கள் பயந்தார்கள். வேளாண் துறையினர் பார்த்துவிட்டு, அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு வடக்கில் பறந்த கூட்டங்கள் தமிழ்நாட்டை எட்டவும் இல்லை.

அந்தச் செய்தியில் ஒரு விவரம் தானாகவே விடை சொல்லிவிடுகிறது: எருக்கு. பால் வடியும் அந்தச் செடியை ஆடு கூட அவ்வளவாகத் தொடாது. எருக்கில் கூட்டமாக வெட்டுக்கிளிகள் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது பொய்கிலோசெரஸ் பிக்டஸ் எனும் எருக்கு வெட்டுக்கிளி. வளர்ந்ததன் உடலில் மஞ்சளும் நீலப்பச்சையும் மாறி மாறிப் பட்டையாக ஓடும்; முன்னிறக்கை பச்சை, அதில் மஞ்சள் புள்ளிகள்; பின்னிறக்கை வெளிர்ச்சிவப்பு. குஞ்சு பச்சை கலந்த மஞ்சளாக, நுண்ணிய கறுப்புக் குறிகளும் சிறு செம்புள்ளிகளுமாக இருக்கும். பிடித்து அழுத்தினால் உடலிலிருந்து ஒரு திரவத்தைப் பீச்சியடிக்கும். இவ்வளவு பளிச்சென்ற நிறம் “நான் கசப்பு” என்ற எச்சரிக்கை. எருக்கின் நஞ்சை உண்டு வளர்வதால் பறவை இதைத் தவிர்க்கிறது. கூட்டமாக இருந்தாலும் இது ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போவது தவிர, ஊர் விட்டு ஊர் பறப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் காபி, ஏலத் தோட்டங்களிலும் தேக்கிலும் ஆலார்கிஸ் மிலியாரிஸ் எனும் புள்ளி வெட்டுக்கிளி கும்பலாக இருப்பதும் இதே கதைதான்: கருமையான உடலில் மஞ்சள் புள்ளிகள், மெதுவான நடை, தொட்டால் நுரை. அது சில தோட்டங்களில் கணிசமான சேதம் செய்யும். ஆயினும் வலசை போகும் கூட்டம் அல்ல.

ஆகவே “நிறைய இருக்கின்றன” என்பதை மட்டும் கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. படத்திலோ படத்தோடு வரும் விவரத்திலோ நான் தேடுவது மூன்று விஷயங்கள். முதலாவது, இறக்கை முளைத்திருக்கிறதா. இறக்கைக்குப் பதில் தோளில் சிறு மொட்டுகள் மட்டும் தெரிந்தால் அவை குஞ்சுகள். குஞ்சால் பறக்க முடியாது, ஆகவே அவை அந்த இடத்திலோ அருகிலோ பொரித்தவை. தமிழ்நாட்டு வரப்பில் குஞ்சுக் கும்பல் இருந்தால், நம் மண்ணில் யாரோ முட்டையிட்டிருக்க வேண்டும். நம் மண்ணில் பாலைவன வெட்டுக்கிளி இனப்பெருக்கம் செய்வதில்லை. இரண்டாவது, எத்தனை வகைச் செடிகளில் இருக்கின்றன. ஒரே வகைச் செடியில் மட்டும் மொய்த்து, பக்கத்திலிருக்கும் வேறு செடியைத் தொடாமல் இருந்தால் அது அந்தச் செடிக்குரிய உள்ளூர் வெட்டுக்கிளி. பாலைவன வெட்டுக்கிளி இறங்கிய இடத்தில் புல், புதர், மரம், பயிர் என்று வேறுபாடு இருக்காது. மூன்றாவது, பகலில் எப்படி நகர்கின்றன. கூட்டம் சேர்ந்த பாலைவன வெட்டுக்கிளி பகலில் காற்றோடு பறந்து, பொழுது சாயும் வேளையில் மரத்திலும் புதரிலும் இறங்கித் தங்கி, மறுநாள் வெயில் ஏறி உடல் சூடான பிறகு மறுபடி கிளம்பும். ஒரே நாளில் 150 கி.மீ. வரை கூடக் கடக்கும். நெருக்கமான கூட்டத்தில் ஒரு சதுர கி.மீ. பரப்பில் நாலு கோடி முதல் எட்டு கோடிப் பூச்சிகள் இருக்கலாம் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கணக்கிடுகிறது. அப்படி ஒன்று வந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கப் படம் பெரிதாக்க வேண்டிய தேவையே இராது. நேற்று மாலை எதுவும் இல்லாத இடத்தில் வானம் மறைத்து இறங்கியது என்பதே முதல் செய்தியாக இருக்கும். ஒரு வாரமாக அதே வேலியில், அதே செடியில் இருக்கின்றன என்று சொல்கிறவர் காட்டும் படத்தில் பாலைவன வெட்டுக்கிளியை நான் தேடுவதில்லை.

தென்கோடிக்கு அது வராமல் போனதற்குக் காற்றுதான் காரணம். வெட்டுக்கிளிக் கூட்டம் தன் விருப்பத்துக்குத் திசை தேர்வதில்லை. அடிக்கும் காற்றோடு போகும். மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று அதை ராஜஸ்தானின் பக்கமும் மேலும் கிழக்கேயும் கொண்டுபோகிறது. மழை தொடங்கியதும் அது முட்டையிட வேண்டியது பாலைவன மணலில். அந்த வட்டாரத்தைக் கண்காணிப்பதற்கென்றே ஜோத்பூரில் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு இயங்குகிறது.

மருந்து அடிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இந்தப் பிரிப்புக்குப் பிறகுதான் பொருள் வருகிறது. இலை வெட்டுக்கிளி, சிறு கருஞ்சுவர்க்கோழி என்றால் வேண்டாம். எருக்கில் மட்டும் மொய்க்கும் வெட்டுக்கிளி என்றாலும் வேண்டாம். எருக்கு தின்று தீர்ந்து அவை பக்கத்துக் காய்கறிச் செடிக்கு இறங்குகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நெல் வெட்டுக்கிளி என்றால், இலை விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடி இருப்பதைத் தூர் கட்டும் பயிர் தாங்கிக்கொள்ளும். நடுநரம்பு மட்டும் மிஞ்சும்படி இலை தீர்ந்துகொண்டிருந்தால், அல்லது கதிர்க்காம்பு கடிபட்டு வெண்கதிர் தெரிந்தால், அப்போது வட்டார வேளாண் அலுவலரிடம் பூச்சியைக் காட்டிப் பரிந்துரை வாங்குவது சரி. வெண்கதிர் என்றவுடன் தண்டுத் துளைப்பானையும் மறந்துவிடக் கூடாது: கதிரை இழுத்தால் கையோடு எளிதில் வந்துவிட்டால் துளைப்பான், வராமல், காம்பில் வெளியிலிருந்து கடித்த காயம் தெரிந்தால் வெட்டுக்கிளி.

அடுத்த முறை படம் எடுக்கும்போது விடியற்காலையில் போங்கள். குளிரில் பூச்சி மந்தமாக இருப்பதால் அருகில் நெருங்கவிடும். ஒரு படம் நேர் பக்கவாட்டிலிருந்து, கண்ணில் குவியம் வைத்து. ஒரு படம் நேர் மேலிருந்து, கழுத்துத் தகடும் தலை உச்சியும் விழும்படி. கொம்பு பதிய வேண்டுமானால் பூச்சிக்குப் பின்னால் வெள்ளைத் தாளோ உள்ளங்கையோ பிடியுங்கள். இலைப் பின்னணியில் மயிரிழை தெரியாது. பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்தால் அளவு தெரிந்துவிடும். பெரிய பழுப்பு வெட்டுக்கிளி என்றால் பிடித்து, பின்னிறக்கையை விரித்து ஒன்று, கவிழ்த்து முன்னங்கால் நடுவே ஒன்று எடுங்கள். இறந்து காய்ந்த பூச்சியின் நிறம் பழுப்பாகிவிடும் என்பதால், செத்துக் கிடந்ததை எடுத்த படமென்றால் அதையும் குறிப்பிடுங்கள். எந்தச் செடியில் இருந்தது, எத்தனை நாளாக இருக்கிறது, விரட்டினால் எவ்வளவு தூரம் பறக்கிறது என்று படத்தோடு எழுதி அனுப்பினால், இனப்பெயர் தெரியாவிட்டாலும் என்ன செய்வது என்பதைச் சொல்லிவிட முடியும்.